முப்பத்து நான்கு மின்னஞ்சல்களும் ஒரு "ஓகே"யும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பல ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர், அவருக்காக இங்கே இயங்கும் பையிங் ஆபீஸ், சாயப்பட்டறை, பரிசோதனை லேப், எங்கள் கட்டிங் பகுதி ஆகிய அனைவருக்கும் நடுவில் நின்று ஓர் ஆர்டரைக் கப்பலேற்றுவதுதான் என் வேலை. அந்த வேலையில் பெரும்பகுதி மின்னஞ்சலை இங்கிருந்து அங்கே தள்ளிவிடுவதாகவே இருக்கும். அப்படித் தள்ளிவிட்ட ஒரு மின்னஞ்சலால் 600 பீஸ் துணி வீணாக வெட்டப்பட்டது. அன்றிலிருந்து, நீண்ட தொடரை ஒருவருக்கு அனுப்பும்போது அதன் தலையில் நானே ஒரு குறிப்பு எழுதாமல் அனுப்புவதில்லை. அந்தக் குறிப்பை எப்படி எழுதுகிறேன் என்பதைச் சொல்லுமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் துணி சுருங்குவதும் சுருக்கம்தான், கதையைக் குறுக்கிச் சொல்வதும் சுருக்கம்தான். இரண்டும் இக்கட்டுரையில் மாறிமாறி வருவதால், துணியின் விஷயத்தை எங்கள் ஊர் வழக்கப்படி ஷ்ரிங்கேஜ் என்றே எழுதுகிறேன்.

ஆர்டர் 8,400 டி-ஷர்ட்டுகள், மூன்று நிறங்கள், நிறத்துக்கு 2,800 பீஸ். துணி 160 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி. மற்ற இரண்டு நிறங்களும் சிக்கலில்லாமல் போய்க்கொண்டிருக்க, நேவி மட்டும் இழுத்தது. முதலில் ஷேடு பொருந்தவில்லை என்று, ஒப்புதலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் மாதிரித் துண்டான லேப் டிப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அது ஒருவழியாகச் சரியாகி, மொத்தத் துணியும் சாயமேறி வந்தபின், துவைத்துப் பார்த்த பரிசோதனையில் நீளவாக்கில் ஷ்ரிங்கேஜ் 7.5 சதவீதம் என்று அறிக்கை வந்தது. பையர் அனுமதித்திருந்தது 5 சதவீதம். இதற்கிடையே 19 நாட்களில் 34 மின்னஞ்சல்கள் சேர்ந்திருந்தன. தொடர் தொடங்கிய நாளில் வைத்த தலைப்பே கடைசிவரை நின்றது: `Fwd: RE: RE: Navy lab dip`. உள்ளே பேச்சு லேப் டிப்பைக் கடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, தலைப்பு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

ஷ்ரிங்கேஜைக் குறைக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. துணியை மீண்டும் காம்பாக்டிங் இயந்திரத்தில் ஓட்டி, நீளவாக்கில் சுமார் 3 சதவீதம் அமுக்கிவிட்டால், பிறகு துவைக்கும்போது சுருங்குவதற்கு மிச்சமிருப்பது 5 சதவீதத்துக்குள் வந்துவிடும். ஆனால் அமுக்கிய அளவுக்குத் துணி கனமாகும், நீளம் குறையும். பீஸுக்கு 180 கிராம் என்று கணக்கிட்டு வாங்கிய 504 கிலோ துணியில், பீஸுக்கு 185 கிராமுக்கு மேல் செலவாகும்போது 2,800 பீஸ் வராது, சுமார் 80 குறையும். அதைப் பையர் ஏற்பாரா, அல்லது ஷ்ரிங்கேஜில் அவரிடம் சலுகை கேட்பதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் எங்கள் எம்.டி.

அன்று காலை 11.20க்கு அந்த 34வது மின்னஞ்சலை அவருக்கு அனுப்பினேன். மேலே நான் எழுதியது, "சார், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்ற ஒரே வரி. அதற்குக் கீழே, பையிங் ஆபீஸின் கடைசி மின்னஞ்சலின் முதல் வரியாக, நேவி ஷேடுக்கு ஒப்புதல் வந்துவிட்டது என்று இருந்தது. ஷ்ரிங்கேஜ் பற்றிய கேள்வி அதே மின்னஞ்சலில் நான்காவது பத்தியில் இருந்தது. அவர் ஈரோட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார், கைபேசியில் திறந்தார், ஒப்புதல் வந்துவிட்டது என்ற வரியைப் பார்த்தார், எனக்கு "ஓகே" என்று பதில் போட்டார். பிறகு கட்டிங் மாஸ்டருக்கே போன் போட்டு நேவியை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

நானோ அந்த "ஓகே"யை, மறுபடி காம்பாக்டிங் போடச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மெஷினில் இடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்குத் துணியை ஏற்ற ஆள் அனுப்பியபோதுதான் கட்டிங் மேசையில் 100 அடுக்கு விரித்து, அடுக்குக்கு ஆறு பீஸ் வீதம் 600 பீஸ் வெட்டி முடித்திருந்தது தெரிந்தது. வெட்டிய துண்டுகளைக் காம்பாக்டிங் போட முடியாது. அவற்றைச் சாதாரணமாகத் தைத்து, உள்ளூர் ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் கிடைத்த விலைக்குக் கொடுத்தோம். அதற்கு ஈடாக 108 கிலோ துணிக்குப் புதிதாக ஒரு சின்ன லாட் சாயம் போட்டு, அந்த லாட்டின் ஷேடு பழையதோடு ஒட்டுகிறதா என்று மறுபடி பார்த்து, எல்லாம் முடிய எட்டு நாள் ஆயிற்று.

எம்.டி. சத்தம் போடவில்லை. மறுநாள் அந்த மின்னஞ்சலைத் திறந்து கைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, இதுல நான் என்னங்க பண்ணணும்னு எங்க எழுதியிருக்கீங்க? காட்டுங்க பாக்கலாம்" என்றார். விரலால் தள்ளித்தள்ளித் தேடினேன். எங்கும் இல்லை. நான் எழுதவே இல்லை, அப்புறம் எங்கே இருக்கும்?

அன்று 11.20க்கு நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான். வெளிநாட்டுக்குப் போகும் மின்னஞ்சல்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், நிறுவனத்துக்குள் போகும் மேற்குறிப்பை நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

விஷயம்: நேவி துணி, இன்று மாலை 4 மணிக்குள் முடிவு தேவை

சார்,
நேவி துணியை மறுபடி காம்பாக்டிங் போடலாமா என்று இன்று மாலை 4 மணிக்குள் நீங்கள் சொல்ல வேண்டும். அதுவரை நேவி கட்டிங் தொடங்கக் கூடாது.
ஷேடுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஆனால் நீளவாக்கு ஷ்ரிங்கேஜ் 7.5%, பையரின் வரம்பு 5%.
அ. மறுபடி போட்டால்: 2 நாள் ஆகும். ஜி.எஸ்.எம். 165 ஆகும், வரம்பு 168. சுமார் 80 பீஸ் குறையும், பையர் ஏற்கும் குறைவு 84 வரை.
ஆ. போடாவிட்டால்: ஷ்ரிங்கேஜில் சலுகை கேட்க வேண்டும். கிடைப்பது கடினம் என்று பையிங் ஆபீஸ் 14ஆம் தேதி எழுதியிருக்கிறது.
என் கருத்து: அ.
லேப் அறிக்கை இணைப்பில் உள்ளது. கீழே தேவையான 4 மின்னஞ்சல்களை மட்டும் விட்டிருக்கிறேன், முழுத் தொடர் என்னிடம் இருக்கிறது.

இதில் முதல் இரண்டு வரிகள்தான் உயிர். கைபேசியில் மின்னஞ்சல் வந்ததும், திறக்குமுன்பே, அனுப்பியவர் பெயருக்கும் தலைப்புக்கும் கீழே உள்ளடக்கத்தின் முதல் சில சொற்கள் தெரியும். "வணக்கம் சார், நலமா, கீழே உள்ள தொடரைப் பார்க்கவும்" என்று தொடங்கினால் அந்த இடம் முழுக்க மரியாதையிலேயே போய்விடும். மரியாதைக்கு "சார்" ஒன்று போதும், அடுத்த சொல்லே அவர் செய்ய வேண்டிய காரியமாக இருக்கட்டும். முன்பெல்லாம் நான் கதையை முதலில் சொல்லி, கேள்வியைக் கடைசியில் வைப்பேன், ஏனென்றால் நடந்தது அந்த வரிசையில்தான். ஆனால் படிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, இந்தக் கதையைத் தான் எதற்காகக் கேட்கிறோம் என்பது. அது தெரிந்தபின் 7.5 என்ற எண்ணைப் பார்க்கும்போதே அவர் மனம் அதை முடிவோடு சேர்த்து எடைபோட ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது வரியான "அதுவரை தொடங்கக் கூடாது" என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். எதைச் செய்யலாம் என்று கேட்கிறோமே தவிர, பதில் வரும்வரை எது நிற்க வேண்டும் என்பதை எழுதுவதில்லை. முடிவெடுப்பவருக்கு ஒரு கேள்வி போகும்போது, அதே நேரம் வேறு யாருக்கோ கையில் கத்திரி இருக்கிறது. எங்கள் கதையில் அது உண்மையிலேயே கத்திரியாக இருந்தது. எனவே அந்த வரி இருக்கும் மின்னஞ்சலில் கட்டிங் மாஸ்டரையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

அ, ஆ என்று பிரித்து எழுதுவதற்குக் காரணம் அந்த "ஓகே"தான். காரில் இருப்பவர், கல்யாண வீட்டில் இருப்பவர், வங்கியில் வரிசையில் நிற்பவர் எல்லாரும் ஒரே சொல்லில்தான் பதில் சொல்வார்கள், அதை மாற்ற முடியாது. அந்த ஒரு சொல் இரண்டு பொருள் தராதபடி கேள்வியை அமைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. "ஓகே" என்று பதில் வந்தால் எதற்கு ஓகே என்று எனக்கே சந்தேகம் வருமாயின், நான் கேட்ட கேள்வி சரியில்லை என்று பொருள். இப்போது எம்.டி.யிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒரே எழுத்து. அப்படியும் "ஓகே" வந்துவிட்டால், "அ என்று எடுத்துக்கொண்டு காம்பாக்டிங்குக்கு அனுப்புகிறேன்" என்று ஒரு வரி திருப்பி எழுதிவிட்டுத்தான் துணியைத் தொடுகிறேன்.

குறிப்பின் நீளத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், என் சொந்தக் கைபேசிதான். முதலில் எனக்கே அனுப்பிப் பார்ப்பேன். ஒருமுறை விரலால் தள்ளுவதற்குள் "என் கருத்து" என்ற வரி வந்துவிட வேண்டும். வராவிட்டால், நான் பட்ட பாட்டை எங்கோ எழுதியிருக்கிறேன் என்று பொருள். லேப் டிப் இரண்டு முறை திரும்பியது, சாயப்பட்டறைக்காரரிடம் எத்தனை முறை பேசினேன் என்பதெல்லாம் முடிவுக்குத் தேவையில்லை. எழுதிய கை துடிக்கும், ஆனாலும் வெட்டிவிட வேண்டும்.

எட்டு வரி எழுத இருபது நிமிடம் ஆகிறது. அதில் எழுதுவதற்கு ஐந்து நிமிடம், மீதி தொடரைப் படிப்பதற்கு. தொடரைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன், ஏனெனில் பழையது அடியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எண்ணோ தேதியோ வாக்குறுதியோ வரும்போது மட்டும் யார், எப்போது என்று குறித்துக்கொள்கிறேன். அதே விஷயம் மேலே மாறியிருந்தால் பழையதை அடித்துவிடுகிறேன். கடைசியில் அடிபடாமல் நிற்பவைதான் குறிப்புக்குள் போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே இருப்பதற்குக் கீழே எல்லாமும் இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஒரே மின்னஞ்சலுக்கு இருவர் தனித்தனியே பதில் போட்டால் தொடர் அந்த இடத்தில் இரண்டு கிளையாகப் பிரிகிறது, நாம் எந்தக் கிளையின் நுனியை அனுப்புகிறோமோ அதன் வழியில் உள்ளவை மட்டுமே அடியில் ஒட்டிக்கொண்டு வரும். வேறொரு ஆர்டரில், முதல் பரிசோதனையில் 8.2 சதவீதம் என்று வந்த எண்ணை நான் சுருக்கத்தில் எழுதிவிட்டேன். இரண்டாவது பரிசோதனையில் அது 6 ஆகியிருந்தது, அந்தத் தகவல் லேப்காரர் பழைய மின்னஞ்சல் ஒன்றுக்குப் போட்ட பதிலில், அடுத்த கிளையில் இருந்தது. அதன்பிறகு, படித்து முடித்ததும் அந்த ஆடை மாடலின் அடையாள எண்ணான ஸ்டைல் நம்பரைத் தேடல் பெட்டியில் போட்டு, தேதிவாரியாக வேறு ஏதாவது நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன். ஜிமெயிலில் முழு உரையாடலையும் அனுப்ப `Forward all` என்ற வசதி இருக்கிறது, கிளைகள் விடுபடாமல் போக அது உதவும். ஆனால் அதை அப்படியே எம்.டி.க்கு அனுப்பினால் பழைய கதைதான்.

இணைப்புகளுக்கும் இதே கதிதான். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடும்போது அதிலிருந்த இணைப்பு பொதுவாகக் கூடவே வருவதில்லை. 12வது மின்னஞ்சலில் வந்த லேப் அறிக்கை, 34வது மின்னஞ்சலை அனுப்பும்போது போவதில்லை, "இணைப்பைப் பார்க்கவும்" என்ற வாசகம் மட்டும் அடியில் அநாதையாகக் கிடக்கும். எனவே தேவைப்படும் அறிக்கையைத் தேடி எடுத்து மறுபடி இணைத்து, இணைத்திருக்கிறேன் என்று குறிப்பிலும் எழுதுகிறேன். மிக நீண்ட தொடர்களை ஜிமெயில் 102 கேபிக்கு மேல் காட்டாமல் வெட்டிவிட்டு `View entire message` என்று ஒரு சுட்டியைத் தருகிறது. அதைத் தொட்டுப் படிக்கும் முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடியில் எவற்றை விட்டுவைப்பது என்பதில் நான் முதலில் தடுமாறினேன். எதையும் நீக்காமல் அனுப்புவதுதான் நேர்மை என்று ஒரு பயம் இருந்தது. இப்போது செய்வது இதுதான்: குறிப்பில் நான் சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரமான மின்னஞ்சலை விட்டுவைத்து, "நன்றி, கிடைத்தது" வகை பதில்களையும், நீண்ட கையொப்பங்களையும், சட்ட எச்சரிக்கைகளையும் நீக்குகிறேன். நீக்கியிருக்கிறேன் என்பதைக் குறிப்பின் கடைசி வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு மின்னஞ்சலை முழுதாக நீக்கலாம், ஆனால் இன்னொருவர் எழுதிய வாக்கியத்தின் நடுவில் கைவைக்கக் கூடாது, எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தக் கூடாது. பின்னால் யார் சொன்னது என்ற கேள்வி வந்தால், திருத்திய கை நம்முடையதாக இருக்கும். பையரோடு தள்ளுபடி, அபராதம் என்று வழக்காடும் நிலைக்குப் போகும் விஷயமாக இருந்தால், எதையும் நீக்காமல் மூல மின்னஞ்சல்களை `Forward as attachment` மூலம் கோப்பாக இணைத்து, மேலே குறிப்பை மட்டும் வைக்கிறேன்.

நீக்குவதில் இடம் மிச்சமாவதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. சாயப்பட்டறைக்கு ஒரு ஷேடு விஷயத்தை அனுப்பும்போது, தொடரின் அடியில் ஏழாவது மின்னஞ்சலில் பையர் எங்களுக்குத் தரும் பீஸ் விலை இருந்ததைக் கவனிக்காமல் அனுப்ப இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்ததால் தப்பித்தேன். அந்த விலையைப் பார்த்தபின் எந்தச் சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைப்பார்? எதிர்த்திசையிலும் இதே ஆபத்து உண்டு, நாங்கள் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி பையரின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஆகவே நிறுவனத்துக்கு வெளியே போகும் எதையும் நான் பழைய தொடரின் மேல் எழுதுவதே இல்லை, புது மின்னஞ்சல் திறந்து, தேவையானதை மட்டும் எடுத்து ஒட்டுகிறேன்.

தலைப்பை மாற்றுவது பற்றி எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி. தலைப்பை மாற்றினால் ஜிமெயில் அதைப் புதிய உரையாடலாகப் பிரித்துவிடும், பழையதைத் தேடுவது சிரமம் என்பது ஒரு கட்சி. அது உண்மைதான். இருந்தாலும் முடிவு கேட்கும் மின்னஞ்சலுக்கு நான் தலைப்பை மாற்றுகிறேன், லேப் டிப் என்ற தலைப்பில் ஷ்ரிங்கேஜ் பிரச்சினை வந்தால் அதை யாரும் அவசரமாகத் திறக்கப் போவதில்லை. தேடுவதற்காக ஸ்டைல் நம்பரைத் தலைப்பின் கடைசியில் வைத்துவிட்டால் சண்டை முடிந்தது. பையருக்குப் போகும் தொடரில் மட்டும் அவர்கள் வைத்த தலைப்பைத் தொடுவதில்லை.

நேரத்தை எழுதும்போது மணியோடு எழுதுகிறேன். மத்திய ஐரோப்பிய பையர் "இன்று வேலை முடிவதற்குள்" என்று எழுதினால், அவர்களுடைய மாலை 5 மணி கோடையில் நமக்கு இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. அதை அப்படியே மேலே கடத்திவிட்டால், நம் ஆட்கள் ஆறு மணிக்கே கதவைச் சாத்தும் வேலை என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது நள்ளிரவுவரை நேரம் இருக்கிறது என்று நினைப்பார்கள். எனக்கு எம்.டி.யின் பதிலை வைத்து மேலும் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் அந்த நேரத்தையும் கழித்து, இந்திய நேரத்தில் ஒரு மணியைச் சொல்கிறேன். மேலே காட்டிய குறிப்பில் உள்ள 4 மணி அப்படி வந்ததுதான், காம்பாக்டிங்காரர் மறுநாள் ஓட்டத்தை ஐந்து மணிக்கு முடிவுசெய்துவிடுவார்.

இந்த முறை வேலை செய்யாத இடமும் உண்டு. ஒரே தொடரிலிருந்து எம்.டி.யிடம் ஒரு முடிவும், கணக்குப் பிரிவிடம் ஒரு வேலையும் வேண்டியிருக்கும்போது, இரண்டையும் ஒரே குறிப்பில் எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது இரண்டு மின்னஞ்சல், இரண்டு குறிப்பு. எட்டு வரிக்குள் எழுதவே முடியாமல் திணறினால், பெரும்பாலும் எனக்கே விஷயம் பிடிபடவில்லை என்றுதான் இருக்கும். அப்படியான நாளில் நேரே எழுந்து போய்ப் பேசிவிட்டு, பேசி முடித்ததை இரண்டு வரியில் மின்னஞ்சலாக எழுதிவைக்கிறேன்.

காம்பாக்டிங்காரர் மின்னஞ்சலே திறப்பதில்லை. அவருக்கு, கீழே உள்ள தொடர் இல்லாமல், மேற்குறிப்பிலிருந்து அவருக்கு வேண்டிய மூன்று வரியை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்: எத்தனை கிலோ, எவ்வளவு அமுக்க வேண்டும், எப்போது வேண்டும். கட்டை விரலைப் பதிலாக அனுப்பினால் நான் விடுவதில்லை. "அண்ணா, நீங்க ஓட்டப்போறது எத்தனை கிலோ, துணி எப்போ கைக்கு வரும்ங்க?" என்று கேட்டு வாங்கிவிடுவேன். நேற்று வந்த பதில்: "396 கிலோ. வியாழன் காலைல லோடு ஏத்தி விட்டுர்றனுங்க."